பிளாக்கும் ஒரு டச்தான்

அந்தக் கோர்ட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், மீதி நாலு பேர் எங்கே நிற்பார்கள் என்பதுதான். பைத்தியக்காரச் சந்தேகம். மீதி நாலு பேரே கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, வெறுங்காலோடு மணலில் நின்று கண்ணால் பார்ப்பது வேறு. நீலாங்கரைக் கடற்கரையில் வலை கட்டி, நாலு பக்கமும் நீல நாடாவைக் கோடாக இழுத்துவிட்டிருந்தார்கள். அதற்குள் இரண்டு பேர் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்தபிறகு இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது போல இருந்தது.

நான் தாம்பரத்துக்காரி. தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் வாலிபால். ரயில் பாதைக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் பெண்கள் கிளப் ஆடும். எங்கள் ஆட்டத்துக்கு 'இண்டோர்' என்று பெயர். சொல்லவே நாக்கு கூசும். எங்கள் மைதானத்துக்கு வானம்தான் கூரை, செம்மண்தான் தரை. விழுந்தால் முழங்கால் தோல் மைதானத்தோடு தங்கிவிடும். ஆனால் சட்டமெல்லாம் இண்டோர் சட்டம்தான். பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம், பக்கத்துக்கு ஆறு பேர், வலையிலிருந்து மூன்று மீட்டரில் ஒரு கோடு, வெளியே உட்கார்ந்து கத்த ஒரு கோச்.

நான் செட்டர். ஒரு அணி மூன்று டச்சுக்குள், அதாவது மூன்று தடவை தொடுவதற்குள், பந்தை அந்தப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். முதல் ஆள் பந்தை வாங்கினால் இரண்டாவது டச் என்னுடையது. விரல் நுனியால் பந்தைத் தூக்கி, அடிக்கிறவளின் கைக்கு நேராக நிறுத்துவது என் வேலை. எந்த மூலைக்குப் பந்து போனாலும் இரண்டாவது டச்சுக்கு நான் ஓடி வந்துவிடுவேன். தூக்கத்தில் பந்து போட்டால்கூட எழுந்து செட் பண்ணுவேன் என்று கிளப்பில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நான் தூக்கிக் கொடுப்பதை அடிக்கிறவள் பம்மல்காரி. தோல் பதனிடும் கம்பெனிகள் இருந்த பக்கம் அவள் வீடு. செருப்பின் மேல்தோல் தைக்கும் ஒரு சின்னப் பட்டறையில் மிஷின் ஓட்டினாள். என்னைவிட ஒரு சாண் குட்டை. ஆனால் எழும்பினால் வலைக்கு மேலே தோள் தெரியும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எட்டு வருஷம் நாங்கள் இருவரும் ஒரே அணி. அவள் ஓட ஆரம்பிக்கும் சத்தத்தை வைத்தே எனக்குப் பந்தை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று தெரியும்.

அந்த வருஷம் ஒரு பெரிய அரசு நிறுவனம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்தது. பெண்கள் வாலிபாலுக்கு ஒரே ஒரு இடம். நகரத்தில் நிஜமான உள்ளரங்கில், மரத் தரையில் தேர்வு நடந்தது. அறுபது பேரில் கடைசியாக மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். யார் செய்த பாவமோ தெரியவில்லை. ஒருத்திக்குக் கிடைத்தால் இன்னொருத்திக்குக் கிடையாது. அது நிரந்தர உத்தியோகம், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பிராக்டிசுக்கு விட்டுவிடுவார்கள், ஆடி முடித்த பிறகும் வேலை போகாது. பம்மல்காரிக்குப் பட்டறைக் கெமிக்கல் வாடையில் மூச்சு இழுக்கும். எனக்கு ஜெராக்ஸ் கடையிலேயே வயசாகிவிடக்கூடாது. இரண்டு பேருக்கும் அந்த வேலை வேண்டும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

தேர்வு நடத்திய விளையாட்டு அதிகாரி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் முன்னால் வந்து நின்றார். மெலிந்த மனிதர், பழைய ஆட்டக்காரர்.

"ரெண்டு பேரும் சமமா இருக்கீங்கம்மா. எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலை. நீலாங்கரையில பீச் வாலிபால் டோர்னமென்ட் வருது. இப்ப ஒலிம்பிக்ஸ்லயே சேர்த்துட்டாங்க, எங்களுக்கும் பீச்சுக்கு ஆள் வேணும். ரெண்டு பேரும் ஒரு ஜோடியா ஆடுங்க. நான் வந்து பார்க்கறேன். ஆறு பேர்ல ஒளிஞ்சுக்கலாம். ரெண்டு பேர்ல முடியாது."

வெளியே வந்ததும் பம்மல்காரி சிரித்தாள். "இன்னாடி இது, கூத்து? நம்பள ஒண்ணா ஆட வுட்டு, யாரு ஒஸ்தின்னு பாக்கப் போறாராம்."

"மணல்ல ஆடினா என்ன, அதே பந்து, அதே வலை" என்றேன் நான். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

தாம்பரத்தில் மணலுக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டும் குழி ஒன்று இருந்தது. மூன்று மீட்டர் அகலம் இருந்தால் அதிகம். அதில் இறங்கி இரண்டு பேரும் ஒரு வாரம் குதித்தோம். ஒருத்தி குதித்தால் இன்னொருத்தி வெளியே வந்துவிட வேண்டும். அந்தக் குழியில் எழும்பிப் பழகிவிட்டு, கடற்கரைக்குத் தயாராகிவிட்டதாக நம்பினோம். எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் நீலாங்கரையில் டெக்னிக்கல் மீட்டிங். ஜோடிக்கு ஒருத்தர் வந்தால் போதும் என்றார்கள். அவளுக்குப் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. நான் போனேன். ஒரு ஓலைப் பந்தலுக்குக் கீழே தலைமை நடுவர் நின்று ஒவ்வொரு சட்டமாகச் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்துக் கொட்டியது.

கோர்ட் இண்டோர் அளவேதான், பதினெட்டுக்கு ஒன்பது என்றார். இப்போதெல்லாம் பதினாறுக்கு எட்டு என்று சுருக்கிவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கருணை இல்லை. ஆறு பேர் காக்கும் இடத்தை இரண்டு பேர் காக்க வேண்டும். மூன்று மீட்டர் கோடு கிடையாது. நடுக்கோடு கிடையாது. மாற்று ஆள் கிடையாது, ஒருத்திக்குக் கால் பிசகினால் ஜோடியே அவுட். கோச் உள்ளே வரக்கூடாது, வெளியிலிருந்தும் பேசக்கூடாது. எந்த இடத்தில் நின்றாலும் கேள்வி இல்லை, சர்வீஸ் போடுகிற முறை மட்டும் மாறி மாறி வர வேண்டும். காற்றும் வெயிலும் யாருக்கும் அதிகமாகப் போய்விடக்கூடாது என்று ஐந்து பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும். இண்டோரில் ஐந்து செட் ஆட்டம், மூன்று ஜெயித்தால் போதும். இங்கே ஒரே செட், பதினைந்து பாயிண்ட், இரண்டு வித்தியாசம். விட்டதைப் பிடிக்க அடுத்த செட் என்று ஒன்று இல்லை.

இதுவரை பரவாயில்லை. அப்புறம்தான் கை பற்றிய சட்டத்துக்கு வந்தார். விரலை விரித்துப் பந்தை மெதுவாக அந்தப் பக்கம் தட்டிவிடுகிற டிப் கிடையாது, தப்பு. மடக்கிய முஷ்டியால் குத்தலாம், உள்ளங்கையால் உருட்டி அடிக்கலாம். சர்வீஸை விரலால் வாங்கினால் விசில். விரலால் செட் பண்ணலாம், ஆனால் இரண்டு கையும் ஒரே சமயத்தில் படாவிட்டால் விசில். பந்து சுற்றிக்கொண்டு போனாலே நடுவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் பலரும் முன்கையால்தான் செட் பண்ணுவார்கள் என்றார். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. என் சொத்தே பத்து விரல்தான்.

கடைசியாக, "பிளாக்ல பந்து பட்டா அதுவும் ஒரு டச். இண்டோர் மாதிரி இல்லை. பிளாக்குக்கு அப்புறம் உங்களுக்கு ரெண்டுதான் பாக்கி" என்றார்.

இண்டோரில் பிளாக் கணக்கிலேயே வராது. எதிராளி அடிக்கிற பந்தை வலைக்கு மேலே கை நீட்டித் தடுத்து, அது நம் பக்கமே விழுந்தாலும், அதற்கப்புறம் முழுசாக மூன்று டச் உண்டு. வாங்கு, தூக்கு, அடி. எட்டு வருஷமாக என் உடம்பு எண்ணிய கணக்கு அது. நான் கேட்டுக்கொண்டேன். புரிந்தது. எழுதிக்கூட வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில், மேடவாக்கம் தாண்டுவதற்குள் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"டிப்பு லேது. சர்வீஸு விரல்ல வாங்கக் கூடாது. பிளாக்கும் ஒரு டச்சு. இன்னும் இன்னா கீது?"

"அவ்வளவுதான்."

"பிளாக்கும் ஒரு டச்சு, பிளாக்கும் ஒரு டச்சு" என்று ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டு தடவை முணுமுணுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைக்கூட அவள் இவ்வளவு ஒழுங்காகப் படித்ததில்லை.

முதல் ஆட்டத்தின் முதல் பத்து நிமிஷத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அவள் பந்தை நோக்கி ஓடினாள், மணல் காலைப் பிடித்துக்கொண்டது, பந்து இரண்டடி தள்ளி விழுந்தது. எழும்பினாள், மைதானத்தில் எழும்பும் உயரத்தில் பாதிகூட வரவில்லை, பந்து வலையில் போய் மோதியது. நான் செட் தூக்கினேன், நேராகப் போன பந்தைக் காற்று ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. பந்தேகூட வேறு. காற்று குறைவாக அடைத்து, கையில் பட்டால் மெத்தென்று இருந்தது. எதிரே கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், மணலிலேயே பிறந்தவர்கள் போல நின்றார்கள். எங்கள் கோர்ட்டில் எங்கே பார்த்தாலும் காலி இடம். அவர்கள் அடிக்கவே இல்லை. காலி இடத்தைப் பார்த்து மெதுவாகப் போட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கோழிக்குஞ்சைத் துரத்துவது போல அதன் பின்னால் ஓடினோம்.

பழக்கத்தில் நான் ஒரு டிப் போட்டேன். அருமையான டிப். விசில்.

"நீதானேடி சொன்ன" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே.

என் முகம் சுண்டிப்போனது. சட்டத்தைக் கேட்டு வந்தவள் நான், மீறியவளும் நான். அவள் பந்தை எடுத்து எதிர்ப் பக்கம் உருட்டிவிட்டாள்.

ஆனால் எங்களுக்கு நேரம் கிடைத்தது. அந்தக் காலத்து ஸ்கோர் முறை அப்படி. சர்வீஸ் நம் கையில் இருக்கும்போது ஜெயித்தால்தான் பாயிண்ட். எதிராளி சர்வீஸில் ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கைக்கு வரும். நாலுக்கு நாலு என்று பலகை கால் மணி நேரம் அசையாமல் நின்றது. அந்தக் கால் மணி நேரத்தில் நாங்கள் மணலைக் கொஞ்சம் புரிந்துகொண்டோம். உயரம் நான், அதனால் வலையில் பிளாக்குக்கு நான் நின்றேன். பின்னால் முழுக் கோர்ட்டையும் அவள் பார்த்துக்கொண்டாள். எந்தப் பக்கம் மறைக்கப் போகிறேன் என்று முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவேன், ஒரு விரல் என்றால் நேர்க்கோடு, இரண்டு விரல் என்றால் குறுக்கு. மறைக்காத பக்கத்தை அவள் காப்பாள். அவள் பலமாக அடிப்பதை விட்டுவிட்டு, மணிக்கட்டை மடக்கி வலையோரமாகக் குறுக்கே வெட்டிப்போட ஆரம்பித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. அவளாகக் கண்டுபிடித்தாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பயம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். அடுத்ததையும் ஜெயித்தோம். மத்தியானம் அரையிறுதிக்கு அந்த அதிகாரி வந்தார். கோர்ட்டின் பக்கவாட்டில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்தார். ஒருத்திக்கு ஒரு பக்கம் என்று நடுவில் கோடு போட்டிருந்தார். பக்கம் மாறும்போது அவரைக் கடந்துதான் போக வேண்டும். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எதிரே வெளியூர் ஜோடி. இரண்டு பேரும் நெட்டை. எட்டுக்கு எட்டு, பத்துக்குப் பத்து என்று இழுத்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் பிடிவாதமாக விரலால்தான் செட் பண்ணினேன். இரண்டு தடவை விசில் வாங்கினேன். "முன்கையால தூக்குடி" என்று அவள் சொன்னாள். மாட்டேன் என்றேன். அந்த மனிதர் என் விரலைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்? முன்கையால் தூக்குவதற்கு யாருக்கு வேண்டும் செட்டர்?

பதினாலுக்குப் பதிமூன்று. அவர்கள் முன்னால். சர்வீஸும் அவர்கள் கையில். இதை விட்டால் ஆட்டம் முடிந்தது.

சர்வீஸ் வந்தது. அவள் வாங்கினாள், நான் தூக்கினேன், அவள் குறுக்கே வெட்டினாள். எதிர்ப்பக்கத்து நெட்டைச்சி விழுந்து எடுத்துவிட்டாள். பந்து அவர்கள் பக்கம் எழும்பியது. நான் வலைக்கு ஓடி, முதுகுக்குப் பின்னால் ஒரு விரல் காட்டி, எழும்பினேன். நேர்க்கோட்டை மறைத்தேன். எதிராளி என் கைமேலேயே அடித்தாள். பந்து என் கையில் பட்டு, வேகம் செத்து, எங்கள் பக்கம் பின்னால் போனது. பம்மல்காரி தாவிப் படுத்து ஒரு கையால் அதை மேலே எழுப்பினாள். கூட்டம் கத்தியது. பந்து எனக்கு நேராக வந்தது, நெற்றிக்கு மேலே, பத்து விரலுக்கும் அளவெடுத்தது போல.

நான் தூக்கினேன். வாழ்க்கையில் நான் தூக்கிய செட்டுகளிலேயே சிறந்தது அதுதான். பந்து ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. காற்றுக்கும் ஒரு முழம் கணக்குப் போட்டுத் தூக்கியிருந்தேன். அவள் மணலிலிருந்து எழுந்து ஓடி வரும் சத்தம் கேட்டது. எழும்பினாள். அந்த நாள் முழுக்க எழும்பாத உயரம் எழும்பி, இரண்டு பேருக்கும் நடுவில் அடித்தாள். பந்து மணலில் புதைந்தது.

நான் கையைத் தூக்கிக் கத்தினேன். விசில் ஊதியது. நடுவர் கையை உயர்த்தி நாலு விரலைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நாலு. எனக்கு ஒரு நொடி ஒன்றுமே விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. பிளாக் ஒன்று. அவள் எடுத்தது இரண்டு. நான் தொட்டது மூன்று. அதை நான் அந்தப் பக்கம் அடித்திருக்க வேண்டும். எதிரே இரண்டு பேரும் நிலைகுலைந்து நின்றார்கள், காலி இடம் எவ்வளவு வேண்டுமானாலும் இருந்தது. சும்மா தள்ளிவிட்டிருந்தால்கூடப் போதும். நான் செட் பண்ணியிருக்கிறேன். தப்பு என்னுடையது, முழுக்க முழுக்க என்னுடையது. ஆனால் பார்த்தவர்களின் கண்ணில் நிற்பது நாலாவதாக அடித்தவள்தான்.

ஆட்டம் முடிந்து கைகொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அவள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். முகமெல்லாம் மணல், முழங்கையில் ரத்தம்.

"என்னம்மா இது? பிளாக் டச் கணக்குல வரும்னு மீட்டிங்ல சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொன்னாங்க சார். மீட்டிங்குக்கு நான்தான் போனேன்" என்றேன்.

அவர் அவளைக் காட்டி, "இவங்களுக்குச் சொன்னீங்களா?" என்றார்.

"சொன்னேன் சார்."

இரண்டே வார்த்தை. உண்மைதான். சொல்லி முடித்ததும் என் வாயைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். இப்படி ஒரு பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கேட்டார், வந்துவிட்டது. 'ஆனா தப்பு என்னுது சார், மூணாவது டச் நான்தான்' என்று அடுத்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அவர் அதற்குள் நோட்டில் எழுத ஆரம்பித்திருந்தார். இந்தக் கணக்கு பழைய ஆட்டக்காரரான அவருக்குத் தெரியாமல் போகுமா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்ததில் பார்க்கவில்லையா, இல்லை என் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. அவர் நோட்டை மூடினார். நான் வாயைத் திறக்கவில்லை.

குழாயடியில் கை காலைக் கழுவிக்கொண்டோம். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனில் இறங்கி பம்மல் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறும்போது, "நல்லாத்தான்டி ஆடுனோம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு நியமன உத்தரவு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்கு அந்தக் கவரைப் பிரிக்கவே மனம் வரவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு உயரம் காரணமாக இருக்கும், விரல் காரணமாக இருக்கும், மற்ற ஆட்டங்களைப் பார்த்திருப்பார் என்று எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றும் நிற்கவில்லை. மறுநாள் மத்தியானம் பம்மலுக்குப் போனேன். அவளிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும், அவள் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அவள் சொன்னால் அந்த அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன்.

பட்டறை சந்துக்குள் இருந்தது. தகரக் கூரை. வாசலிலேயே தோல் வாடை மூச்சை அடைத்தது. ஆறேழு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கறுப்புத் தோல் துண்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே இறக்கினாள்.

"வேலை கெடச்சிச்சா?" என்றாள். நான் சொல்வதற்கு முன்னாலேயே.

"கிடைச்சுது."

"வுடு, ரொம்ப சந்தோஷம்டி." நிஜமாகவே முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்குத் தப்பு என்னுதுடி. மூணாவது டச் நான் தொட்டேன். அந்தப் பக்கம் தள்ளியிருக்கணும். மறந்து போயி செட் பண்ணிட்டேன். நீ அடிச்சதுல தப்பே இல்லை." படபடவென்று கொட்டிவிட்டேன்.

அவள் கையிலிருந்த தோலைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். "தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ தூக்கும்போதே தெரியும். நான் மணல்ல கெடந்துக்கினே எண்ணிட்டேன். நீ பிளாக்கு, நான் ரெண்டு, நீ மூணு. பஸ்ஸுல நீதானே படிச்சுக் குடுத்த."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குடி அடிச்ச?"

"அடிக்காம?" அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. "நான் கையத் தொங்கப் போட்டுக்கினு நின்னா, பந்து சும்மா கீழ வுழும். அப்போ அந்த ஆளு உன்ன மட்டும்தான் பாப்பாரு. நோட்டுல உன் பக்கத்துல மட்டும் எழுதுவாரு. எப்பிடியும் பாயிண்டு போயிடுச்சு. நானும் அடிச்சுட்டா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியலைன்னு ஆயிடும். தப்பு பாதிப் பாதியாப் போயிடும்னு நெனச்சுக்கினு அடிச்சேன்."

அவள் தோலை மிஷினுக்கு அடியில் வைத்து, ஊசியை இறக்கினாள்.

"'சொன்னேன் சார்'னு நீ சொல்லுவன்னு மட்டும் நான் நெனக்கவே இல்லடி" என்று சொல்லிவிட்டு, மூக்குக்குத் துணியை ஏற்றிக்கொண்டாள்.

அந்த அதிகாரியிடம் போகட்டுமா என்று அவளைக் கேட்பதற்காகத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். கேட்கவில்லை. திங்கட்கிழமை நான் வேலையில் சேர்ந்தேன்.